மிட்டாய் ஜாடி, இரண்டு எவர்சில்வர் ஸ்பூன், இரண்டு நிமிடப் பேச்சு

எங்கள் பாலிடெக்னிக் கண்காட்சிக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, மேல்தொட்டி நிரம்பினால் சத்தம் போடும் கருவி ஒன்றைச் செய்தோம். கருவி ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் பேச்சுக்கு ஒன்பது நாள் ஆனது. ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெற்றோர், தாத்தா பாட்டிகள், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை, ஏன் ஒவ்வொரு வரியையும் மாற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கருவி. பெட்டிக்கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் ஜாடிதான் எங்கள் தொட்டி. உள்ளே தண்ணீர் ஏறுவது தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் அதை எடுத்தோம். மூடியில் இரண்டு துளை போட்டு இரண்டு செம்புக் கம்பிகளைத் தொங்கவிட்டோம். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனை ஒரு கம்பிக்குப் போகிறது. மற்றக் கம்பி 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வருகிறது. எமிட்டர் பேட்டரியின் மைனஸில் இருக்கிறது. பஸ்ஸர், பிளஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில். தண்ணீர் ஏறி இரண்டு கம்பிகளையும் தொட்டால் அதன் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் பேஸுக்குப் போகும், டிரான்சிஸ்டர் திறக்கும், பஸ்ஸர் கத்தும். அவ்வளவுதான் சர்க்யூட்.

நான் எழுதிய முதல் பேச்சு ஏறக்குறைய மேலே உள்ள பத்தியேதான். "என்பிஎன் டிரான்சிஸ்டர் ஒரு ஸ்விட்ச்சாகச் செயல்படுகிறது" என்று தொடங்கியது. அதைக் கேன்டீன் அக்காவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாக முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா, தண்ணி எப்படிப் பட்டனை அமுக்குது?" என்றார்.

அந்தக் கேள்வியை அன்றே நோட்டில் எழுதி வைத்தேன். ஸ்விட்ச் என்றால் அவருக்கு விரலால் அமுக்குகிற ஒன்று. தொட்டிக்குள் யாரும் அமுக்காமல் எப்படி மணி அடிக்கிறது என்பதுதான் அவருக்குப் புதிராக இருந்தது. என் பேச்சில் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களும் இருந்தன. தண்ணீர் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை. எங்களுக்குத் தண்ணீரில் கரண்ட் பாயும் என்பது சாதாரண விஷயம், அதனால் சொல்லவே தோன்றவில்லை.

அதற்குப் பதில் ஒத்திகையில் நடந்த ஒரு தவறிலிருந்து கிடைத்தது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் நல்ல உப்பு. ஜாடியில் இரண்டு நாள் வைத்தால் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். கண்காட்சியில் ஜாடி பளிச்சென்று இருக்கட்டும் என்று குழுவில் ஒரு தோழி இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீரை வாங்கி வந்து நிரப்பினாள். மேடத்தை அழைத்து வந்து காட்டினோம். தண்ணீர் இரண்டு கம்பிகளையும் நன்றாகத் தொட்டு நின்றது. பஸ்ஸர் கத்தவில்லை. கொசு போல மெல்ல முனகியது.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதியது மாட்டினோம். அதே முனகல். சால்டரிங்கை மறுபடி சூடுபடுத்தினோம். மாற்றமில்லை. அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தோம். ஓம் வரிசையில் வைத்துத் தண்ணீரின் தடையை அளக்கப் பார்த்தால் எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. மீட்டர் அனுப்பும் நேர்மின்னோட்டத்தால் கம்பியின் முனையிலேயே வேதிமாற்றம் நடக்கும், அதனால் தண்ணீரை இப்படி அளப்பதில் அர்த்தமில்லை. பதிலாக மீட்டரை மைக்ரோ ஆம்பியர் வரிசைக்கு மாற்றி பேஸ் வழியில் தொடராக வைத்தோம். பேட்டரி தண்ணீரில் ஏறக்குறைய 0.02 மில்லி ஆம்பியர் காட்டியது. அடுத்த வரிசைக்கு மாற்றி, அதே ஜாடியில் எங்கள் குழாய்த் தண்ணீரை ஊற்றியபோது அரை மில்லி ஆம்பியர். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். டிரான்சிஸ்டர் பேஸுக்கு வருவதை இருநூறு மடங்கு பெருக்கும் என்று வைத்துக்கொண்டால், பேட்டரி தண்ணீரில் பஸ்ஸருக்குக் கிடைப்பது நாலு மில்லி ஆம்பியர். எங்கள் பஸ்ஸர் முழுச் சத்தம் போட இருபது வேண்டும். முனகலுக்குக் காரணம் அதுதான்.

பேட்டரி தண்ணீர் காய்ச்சி வடித்தது, அதில் உப்பு கிடையாது. கரண்ட்டைத் தூக்கிக்கொண்டு போவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள்தான். ஜாடியில் மறுபடி பேட்டரி தண்ணீரை நிரப்பி, கேன்டீனில் ஒரு சிட்டிகை உப்பு வாங்கி வந்து அதில் போட்டுக் கலக்கினேன். கை எடுப்பதற்குள் பஸ்ஸர் அலறியது. மேடம் உடனே, "இதைத்தான் நீங்க காட்டணும்" என்றார்.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பிரித்துப் பேசாத வீடு எங்கள் ஊரில் இல்லை. பருப்பு வேகாததும், சோப்பு நுரைக்காததும், குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதும் எல்லோருக்கும் தெரியும். அந்த உப்புதான் கம்பிக்குப் பதிலாக நின்று மணியை அடிக்க வைக்கிறது என்றால் எந்த அக்காவுக்கும் புரியும்.

இரண்டு தம்ளர் வைத்துக் காட்டலாம் என்று முடிவு செய்தோம். ஒன்றில் பேட்டரி தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். ஆனால் பேட்டரி தண்ணீரில் கருவி முனகக் கூடாது, அடியோடு அமைதியாக இருக்க வேண்டும். முனகினால் பார்க்கிறவர் குழம்புவார். அதற்கு பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தோம். டிரான்சிஸ்டர் திறக்க பேஸில் ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும். இந்த ரெசிஸ்டர் இருந்தால் முதல் 0.027 மில்லி ஆம்பியரை அதுவே குடித்துவிடும், அதற்கு மேல் வருவதுதான் டிரான்சிஸ்டருக்குப் போகும். பேட்டரி தண்ணீரின் 0.02 அதைத் தாண்டாது, குழாய்த் தண்ணீரின் அரை மில்லி தாராளமாகத் தாண்டும். இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. மூடியின் அடியில் ஆவி படிந்து ஈரமானாலும் இனி கருவி வீணாகக் கத்துவதில்லை. ஆவி குளிர்ந்து படிந்த தண்ணீரும் காய்ச்சி வடித்தது போலத்தான், உப்பு இருக்காது. தெறித்த குழாய்த் தண்ணீர் மூடியில் ஒரு கம்பியிலிருந்து மறு கம்பி வரை தொடர்ந்து படிந்தால் மட்டும் இன்னும் கத்தும். அதனால் இரண்டு துளைகளையும் மூடியில் முடிந்த அளவு தள்ளிப் போட்டோம்.

அடுத்த தொல்லை செம்பு. ஒரு மதியம் முழுக்க ஒத்திகை பார்த்ததில் பிளஸ் பக்கக் கம்பி பச்சையாகிவிட்டது, தண்ணீரும் கலங்கிவிட்டது. மின்னோட்டம் ஒரே திசையில் ஓடும்போது பிளஸ் பக்கச் செம்பு கரையும். இதைப் பார்த்துவிட்டு யாரும் தங்கள் வீட்டுத் தொட்டியில் இந்தக் கம்பியை விடச் சம்மதிக்க மாட்டார்கள், அது நியாயமும்தான். எவர்சில்வர் ஸ்பூன் இரண்டை எடுத்துக்கொண்டோம். எவர்சில்வரில் சாதாரண ஈயம் ஒட்டாது, உருண்டு விழுந்துவிடும். அதனால் ஸ்பூன் காம்பில் துளை போட்டு, சின்ன போல்ட் நட் வைத்து ஒயரை முறுக்கினோம். சமையலறையில் தினமும் பார்க்கிற ஸ்பூன் ஜாடிக்குள் தொங்கியது, பேச்சுக்கும் உதவியது. "புரோப்" என்ற சொல்லே தேவைப்படவில்லை.

அப்புறம் ஒரு கணக்கு. முதல் பேச்சில் "தண்ணீர் வீணாவதைத் தடுக்கலாம்" என்று எழுதியிருந்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்காத வரி. எங்கள் வீட்டில் மோட்டாரைப் போட்டு, தொட்டி வழியும் குழாயின் கீழே பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தை வைத்து நேரம் பார்த்தேன். குடம் நிரம்ப இருபது விநாடி. நிமிடத்துக்கு மூன்று குடம். சீரியல் விளம்பரம் முடியட்டும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் முப்பது குடம். லிட்டரில் சொன்னால் 450. குடத்தில் சொன்னபோது அம்மாவே "முப்பதா?" என்று திரும்பிப் பார்த்தார். அதனால் பேச்சில் லிட்டர் கணக்கை எடுத்துவிட்டேன்.

டிரான்சிஸ்டரை முழுக்க விட்டுவிடலாமா என்று குழுவில் வாக்குவாதம் வந்தது. விடக் கூடாது என்பது என் கருத்து. தண்ணீர் வழியாக வருவது மிகச் சிறிய கரண்ட், அதனால் நேரடியாகப் பஸ்ஸரை அலற வைக்க முடியாது. அந்த இடத்தைத் தாவிவிட்டால் பேச்சு பொய்யாகிவிடும். கண்மாய் மடையை வைத்துச் சொன்னேன். மடைப் பலகையைத் தூக்குவது ஒரு ஆளின் கைபலம், வயலுக்குப் பாய்வது கண்மாய்த் தண்ணீர். டிரான்சிஸ்டரில் நடப்பதும் அதுவே. சிறிய கரண்ட் பலகையைத் தூக்குகிறது, பஸ்ஸருக்குப் போகும் பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து வருகிறது.

கண்காட்சியன்று சொன்ன பேச்சு இது:

"வணக்கம். முதல்ல உங்ககிட்ட ஒரு கேள்வி. மோட்டார் போட்டா, மேல தொட்டி நிறைஞ்சிடுச்சுன்னு உங்க வீட்ல எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?

(பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.)

ஆமாங்க, தண்ணி கொட்டுற சத்தம் கேட்டுத்தான். அப்படின்னா கொட்ட ஆரம்பிச்சப்புறம்தான் தெரியுது. எங்க வீட்ல குடம் வச்சுப் பார்த்தேன், நிமிஷத்துக்கு மூணு குடம் வழியுது. பத்து நிமிஷம் கவனிக்கலன்னா முப்பது குடம்.

இந்த ஜாடிதான் தொட்டி. மேல ரெண்டு எவர்சில்வர் ஸ்பூன் தொங்குது, ஒண்ணை ஒண்ணு தொடல. தம்பி, நீ இந்தச் செம்பால தண்ணி ஊத்து. ஸ்பூனைத் தொடுற வரைக்கும் ஊத்து.

(பஸ்ஸர் அடித்ததும் ஜாடியின் அடியில் உள்ள குழாயைத் திறந்து சத்தத்தை நிறுத்த வேண்டும்.)

யாரும் பட்டனை அமுக்கல. ரெண்டு ஸ்பூனுக்கும் நடுவுல அறுந்து கிடக்கிற ஒயரை, தண்ணி வந்து சேர்த்து வைக்குது. எல்லாத் தண்ணியும் சேர்க்குமா? இந்தத் தம்ளர்ல பேட்டரிக்கு ஊத்துற தண்ணி இருக்கு. ஸ்பூனை வைக்கிறேன், சத்தம் இல்ல. இது நம்ம குழாய்த் தண்ணி. அடிக்குது. வித்தியாசம் உப்புதாங்க. தண்ணியில கரைஞ்ச உப்புதான் கரண்ட்டைக் கொண்டுபோகுது.

வர்ற கரண்ட் ரொம்பச் சின்னது. இந்தக் கறுப்புப் பொருள் கண்மாய் மடை மாதிரி. சின்னக் கரண்ட் பலகையைத் தூக்குது, பேட்டரியில இருக்கிற பெரிய கரண்ட் பாய்ஞ்சு மணி அடிக்குது.

இது மோட்டாரை நிறுத்தாது. உங்களைக் கூப்பிடும், நீங்கதான் போய் நிறுத்தணும். வேற ஏதாவது கேக்கணுமா?"

மோட்டாரை நிறுத்தாது என்ற வரியை முதலில் நான் சேர்க்கவில்லை. ஒத்திகை கேட்ட வாட்ச்மேன் அண்ணன், "அப்ப இதை வச்சுட்டா மோட்டாரைப் பத்திக் கவலையில்ல" என்று சொன்னார். நாங்கள் சொல்லாமல் விட்டதை அவர் தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொண்டார். அதனால் இது எதைச் செய்யாது என்பதையும் வாய்விட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

கண்காட்சியன்று முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்த ஒன்று, பஸ்ஸர் அடிக்கும்போது பேசவே கூடாது என்பது. பக்கத்து மேசையில் வேறு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கத்திப் பேசினால் நாமும் களைத்துவிடுகிறோம், அவர்களுக்கும் காது வலிக்கிறது. ஜாடியின் அடியில் குழாய் வைத்திருந்தது அதனால்தான் உதவியது. திறந்ததும் இரண்டு மூன்று விநாடியில் தண்ணீர் ஸ்பூனுக்குக் கீழே இறங்கி அமைதியாகும், அந்த அமைதியில் அடுத்த வரியைச் சொல்லலாம். தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்ததும் நல்லதாயிற்று. ஊற்றுகிற பிள்ளையை அவன் அம்மா பார்ப்பார், அம்மாவைப் பார்த்து அப்பா நிற்பார்.

அன்று அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, தண்ணீரில் கரண்ட் அடிக்காதா என்பது. வாயால் பதில் சொன்னபோது தலையாட்டினார்களே தவிர நம்பவில்லை. அப்புறம் கையைத் தண்ணீரில் நனைத்து இரண்டு ஸ்பூன்களையும் நானே பிடித்துக் காட்டினேன். பஸ்ஸர் அடித்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 9 வோல்ட் பேட்டரி, வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு ஸ்பூனும் நேரடியாக ஒட்டிக்கொண்டால்கூட ஒரு மில்லி ஆம்பியர் ஓடாது. ஆனால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று யாராவது வீட்டு 230 வோல்ட்டை இதில் எந்த வகையிலாவது சேர்த்தால் உயிருக்கே ஆபத்து. இதை ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொன்னோம், குறிப்பாகச் செய்து பார்க்கிறேன் என்று சர்க்யூட்டை வரைந்துகொண்டு போன பள்ளிப் பையன்களிடம்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு வயதான அம்மா பேத்தியோடு வந்தார். முழுப் பேச்சையும் கேட்டுவிட்டு, "ஏத்தா, மணி அடிச்சதும் நான் எந்திரிச்சுப் போய் சுச்ச அமத்துறதுக்குள்ள தண்ணி கொட்டிராதா? எனக்கு முழங்கால் வலி" என்றார்.

நான் அதுவரை யோசிக்காத கேள்வி. ஜாடியில் ஸ்பூன் விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருந்தது. உண்மைத் தொட்டியில் எவ்வளவு கீழே இருக்க வேண்டும்? அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அங்கேயே கணக்குப் போட்டோம். ஆயிரம் லிட்டர் தொட்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். வழியும் குழாய்க்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே ஸ்பூன் இருந்தால், மணி அடித்தபின் இன்னும் நாற்பது லிட்டர் போல இடம் இருக்கும். நிமிடத்துக்கு 45 லிட்டர் ஏறினால் ஒரு நிமிடம்கூட இல்லை. பத்து சென்டிமீட்டர் கீழே வைத்தால் ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கும். தொட்டியின் மேல்பகுதி குறுகலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். "பாட்டி, நாலு அங்குலம் கீழ வச்சா ஒண்ணரை நிமிஷம் இருக்கும், போதுமா?" என்றேன். மனதுக்குள் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து சுவிட்ச் வரை நடந்து பார்த்திருப்பார் போல. சற்று நேரம் கழித்து, "போதும்த்தா" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலில் ஒரு குறை இருந்ததை அன்று இரவுதான் உணர்ந்தேன். ஸ்பூனைக் கீழே இறக்கினால், மோட்டாரை நிறுத்தியபிறகும் தண்ணீர் ஸ்பூனைத் தொட்டுக்கொண்டே நிற்கும். யாராவது தண்ணீர் செலவழித்து மட்டம் இறங்கும் வரை கருவி விடாமல் கத்தும். கண்காட்சியில் குழாயைத் திறந்து நிறுத்திக்கொண்டே இருந்ததால் இது எங்கள் கண்ணில் படவில்லை. பேட்டரி வழியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வேண்டும். ஆனால் கத்தும்போது அணைத்துவிட்டு, மறுநாள் மோட்டார் போடும்போது திரும்பப் போட மறந்தால் கருவி இருந்தும் இல்லாதது போல.

பத்து நாள் கழித்து எங்கள் வீட்டுத் தொட்டியில் பொருத்தியபோது அதற்கு ஒரு வழி செய்தேன். ஸ்பூன்களை வழியும் குழாய்க்கு நாலு அங்குலம் கீழே, தண்ணீர் விழும் குழாயிலிருந்து எதிர்ப்பக்கமாகத் தொங்கவிட்டேன், தெறிக்கும் தண்ணீர் படாமல் இருக்க. மாடியிலிருந்து மோட்டார் சுவிட்ச் வரை இரண்டு இழை ஒயர். கருவியின் ஸ்விட்ச்சை மோட்டார் சுவிட்ச்சுக்கு மேல் அல்லாமல் அதை மறைக்கும் ஒரு சின்ன மரக் கதவின் மேல் வைத்தேன். கதவைத் திறந்தால் கருவி உயிர் பெறும், மூடினால் அணையும். மோட்டார் போட வேண்டுமானால் கதவைத் திறந்தே ஆக வேண்டும், மோட்டார் ஓடும்வரை அது திறந்தே இருக்கட்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நிறுத்தியதும் அப்பத்தா கதவைச் சாத்துகிறார், சத்தம் நிற்கிறது. இப்போது மூன்று வாரம் ஆகிறது. ஸ்பூன்களை நேற்று இறக்கிப் பார்த்தேன். காம்பில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது, எலுமிச்சைத் தோலால் தேய்த்ததும் போய்விட்டது.